எழுத்தெழுத்தாகவா, சொல்சொல்லாகவா?

பாட்டு வரியைத் திரையில் அசைய விடும்போது பலருக்கும் வரும் குழப்பம் இது.

நேரம்: சொல் என்றால் ஒலி அலையில் ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் ஒரு குறி போதும். எழுத்து என்றால், அரை விநாடியில் பாடி முடியும் ‘போனாள்’ விநாடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் பன்னிரண்டே பிரேம்தான். கண்ணுக்கு வெறும் துடிப்பு.

தமிழ் எழுத்து: வினையே இங்கேதான். ‘போ’ நமக்கு ஓரெழுத்து; யூனிகோடில் ப-வும் துணைக்குறியுமாக இரண்டு. மென்பொருள் அதைப் பிரித்துவிட்டால் முதலில் ‘ப’ வந்து பிறகு ‘போ’ ஆகும். கடைசி ‘ள்’ கொஞ்ச நேரம் புள்ளியில்லாமல் நிற்கும். பிரேம் பிரேமாக நகர்த்தினால் தெரியும்.

வேகப் பாட்டுக்கும் மேடைப் பேச்சுக்கும் சொல்தான். இழுத்துப் பாடும் இடத்துக்கு மட்டும் எழுத்து. அதையும் ‘போ’, ‘னா’, ‘ள்’ என்று தனித்தனி லேயராக நானே தட்டிவிடுவேன்.