பாதி வாலட், பாதி கார்டு: ரீஃபண்ட் எப்படிப் பிரியும்?

மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டுக்கு 900 ரூபாய் குக்கரும் 600 ரூபாய் தோசைக்கல்லும் ஒரே ஆர்டரில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். வாலட்டில் 500, கார்டில் 1,000 கட்டியாயிற்று. தோசைக்கல் விளிம்பு உடைந்திருந்ததால் அது மட்டும் திரும்பிப் போகிறது.

விகிதப்படி பிரிக்கும் கடை என்றால் வாலட்டுக்கு 200, கார்டுக்கு 400 வரும். வாலட்டை முதலில் நிரப்பும் கடையில் வாலட்டுக்கு 500, கார்டுக்கு வெறும் 100.

இரண்டாவதில் பெரும்பகுதி உடனே கண்ணில் படும். கார்டுக்குப் போவது வர ஒரு வாரம்கூட ஆகலாம். ஆனால் அந்தக் கடையில் மட்டுமே செல்லும் வாலட் என்றால் அந்த 500 ரூபாயை வங்கிக்கு மாற்ற முடியாது, அங்கேயேதான் செலவழிக்க வேண்டும். அதனால் எனக்கு விகித முறைதான் நியாயமாகப் படுகிறது.

அப்புறம், மொத்தத்தையும் வாலட்டில் போடுகிறோம் என்று கடை சொன்னால், சரி என்று தட்டுமுன் யோசியுங்கள். நீங்கள் சம்மதிக்காதவரை கட்டிய வழியிலேயே திருப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கார்டுப் பங்கு வரவில்லையா? கடையிடம் அந்த ரீஃபண்டுக்கான ஏ.ஆர்.என் என்ற குறிப்பு எண்ணைக் கேளுங்கள். வங்கி அதை வைத்துத் தேடும்.