டிரைவர் புதுப்பித்தபின் மாறிப்போகும் ஐகான் அளவு: இரண்டரை ஆண்டு அனுபவம்

14 அங்குலத் திரையும் 2880x1800 ரெசல்யூஷனும் கொண்ட ஒரு லேப்டாப்பையும், அதனுடன் இணைத்த 27 அங்குல 4K மானிட்டரையும் விண்டோஸ் 11-இல் இரண்டரை ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்தக் காலத்தில் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த பிறகு ஐகான்களும் டாஸ்க்பாரும் திடீரென அளவு மாறிப்போனது மூன்று முறை நிகழ்ந்தது. முதல் முறை எல்லாம் பெரிதாகின, அடுத்த முறை சிறிதாகின, மூன்றாம் முறை பெரிதானதோடு மங்கலாகவும் ஆயின. பார்வைக்கு மூன்றும் ஒரே கோளாறுபோல் இருந்தாலும், முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்று, மூன்றாவதற்குக் காரணம் வேறு என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று.

முதல் முறை நிகழ்ந்தது லேப்டாப்பின் சொந்தத் திரையில். எழுத்தையும் ஐகான்களையும் எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்பதைச் சொல்லும் சதவீதம்தான் ஸ்கேலிங்; அந்தத் திரைக்கு விண்டோஸ் பரிந்துரைப்பது 200%. அது எனக்கு அதிகமாகப் பட்டதால் முதல் நாளிலிருந்தே 150% வைத்திருந்தேன். டிரைவரை நிறுவும்போது பழைய அமைப்புகளை முழுவதும் நீக்கிவிட்டு நிறுவும் தெரிவைத் தேர்ந்தெடுத்தேன். கணினி மறுபடி இயங்கத் தொடங்கியபோது டாஸ்க்பார் திரையின் அடியில் தடித்த பட்டையாக நின்றது. விண்டோஸ் 11-இன் டாஸ்க்பார் 100% ஸ்கேலிங்கில் 48 பிக்சல் உயரம் கொண்டது; 150%-இல் அது 72 பிக்சலாகவும் 200%-இல் 96 பிக்சலாகவும் வளரும். உயரம் 1800 பிக்சல் மட்டுமே உள்ள திரையில் இந்த வித்தியாசம் உடனே கண்ணில் படுகிறது. உலாவியில் ஒரே பார்வையில் தெரிந்த வரிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது.

அப்போது நான் செய்த தவறு, கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தைச் சுழற்றி டெஸ்க்டாப் ஐகான்களைச் சிறிதாக்கியதுதான். ஐகான்கள் சிறிதாயின; ஆனால் டாஸ்க்பாரும் மெனுக்களும் சாளரங்களின் தலைப்புப் பட்டைகளும் இம்மியும் அசையவில்லை. ஐகான் அளவு டெஸ்க்டாப்புக்கு மட்டும் உரிய தனி அமைப்பு என்பதால் அப்படித்தான் நடக்கும். பின்னர் ஸ்கேலிங்கைச் சரிசெய்தபோது, ஏற்கெனவே சிறிதாக்கிய ஐகான்கள் மேலும் சுருங்கி, அவற்றை மீண்டும் பெரிதாக்க வேண்டிய வேலையும் சேர்ந்துகொண்டது. இன்று இந்தச் சிக்கலோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, ஐகான்கள் மட்டும் மாறினவா, டாஸ்க்பாரும் சேர்ந்து மாறியதா என்பதைத்தான். ஐகான்கள் மட்டும் மாறியிருந்தால் டிரைவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கை தவறிச் சக்கரம் சுழன்றிருக்கும்.

இரண்டாம் முறை 27 அங்குல மானிட்டரில் நிகழ்ந்தது. அதற்கு விண்டோஸ் பரிந்துரைப்பது 150%. சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதால் நான் 200% வைத்திருந்தேன். இம்முறை முழு நீக்கம் எதுவும் செய்யாமல், வழக்கமான முறையில்தான் புதுப்பித்தேன். ஆனாலும் திரை 150%-க்கு இறங்கிவிட்டது. அதாவது, 1920x1080 அளவுக்குரிய இடம்போல் இருந்த திரை 2560x1440 அளவுக்குரிய இடமாக விரிந்து, எழுத்துகள் கூர்மையாக, ஆனால் என் தூரத்திலிருந்து வாசிக்க முடியாத அளவுக்குச் சிறிதாகத் தெரிந்தன. லேப்டாப்பில் பெரிதாக்கிய அதே வகைப் புதுப்பிப்பு மானிட்டரில் ஏன் சிறிதாக்குகிறது என்ற கேள்விதான், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி வரை என்னைக் கொண்டுபோனது.

ஒவ்வொரு திரைக்கும் நாம் தேர்ந்தெடுத்த ஸ்கேலிங்கை விண்டோஸ் கீழ்க்கண்ட இடத்தில் வைத்திருக்கிறது.

```
HKCU\Control Panel\Desktop\PerMonitorSettings
```

இதற்குள் திரைக்கு ஒன்றாகத் துணைச் சாவிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் `DpiValue` என்று ஒரு மதிப்பு இருக்கும். அங்கே 200 என்றோ 150 என்றோ எழுதியிருக்கும் என எதிர்பார்த்துத் திறந்தேன். மானிட்டருக்கு 2 என்று இருந்தது. லேப்டாப் திரைக்கு `fffffffe` என்று இருந்தது. கழித்தல் 2 பதினாறடிமான எண்ணாக எழுதப்படும் விதம் அது. விண்டோஸ் நம் சதவீதத்தைச் சேமிப்பதில்லை. பரிந்துரைக்கப்பட்ட அளவிலிருந்து நாம் எத்தனை படி ஏறினோம் அல்லது இறங்கினோம் என்பதை மட்டுமே சேமிக்கிறது. படிகள் 100, 125, 150, 175, 200 என்று போகின்றன. மானிட்டரில் 150-இலிருந்து இரண்டு படி ஏறி 200. லேப்டாப்பில் 200-இலிருந்து இரண்டு படி இறங்கி 150. இந்தக் குறிப்பு தொலைந்துவிட்டால் இரண்டு திரைகளும் தத்தம் பரிந்துரை அளவுக்குத் திரும்பும். ஒன்று பெரிதாகும், மற்றது சிறிதாகும். ஓராண்டாக இரண்டு வெவ்வேறு கோளாறுகள் என்று நான் நினைத்திருந்தவை ஒன்றே என்பது அந்த எண்களைப் பார்த்த நிமிடத்தில் விளங்கியது.

அந்தக் குறிப்பு எப்படித் தொலைகிறது என்பதற்கு விடை துணைச் சாவியின் பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு மானிட்டரும் தன்னைப் பற்றிய சிறு தகவல் தொகுப்பு ஒன்றைக் கணினிக்கு அனுப்புகிறது. தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறி, மாதிரி எண், வரிசை எண், தயாரித்த வாரமும் ஆண்டும், திரையின் நீள அகலம் முதலியவை அதில் இருக்கும். இந்தத் தகவலிலிருந்துதான் துணைச் சாவியின் பெயர் உருவாகிறது. கணினி அதை வேறு மாதிரியாகப் பெற்றால், விண்டோஸின் கணக்கில் அது வேறொரு மானிட்டர். நான் மானிட்டரில் 200%-ஐ மீண்டும் தேர்ந்தெடுத்துவிட்டு ரெஜிஸ்ட்ரியைத் திறந்தபோது, பழைய சாவி அப்படியே 2 என்ற மதிப்போடு இருக்க, அதனருகே தொடக்கம் ஒன்றாகவும் `^` குறிக்குப் பின்வரும் நீண்ட எழுத்துத்தொடர் வேறாகவும் இன்னொரு சாவி புதிதாக நின்றது. பழைய அமைப்பு அழியவில்லை; அதற்குரிய மானிட்டர் இனி வராது, அவ்வளவுதான். இதைச் சோதித்துப் பார்க்க, மானிட்டரின் கம்பியை எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றினேன். டிரைவரைத் தொடாமலே ஸ்கேலிங் 150%-க்கு இறங்கியது; பழைய துளைக்கே மாற்றியதும் 200%-க்குத் திரும்பியது. அதனால், டிரைவரைப் புதுப்பித்த அன்றே மேசையைத் துடைத்துக் கம்பிகளை மாற்றிச் செருகியவர்கள், பழியை எதன்மீது போடுவது என்பதைச் சற்று யோசிப்பது நல்லது.

மூன்றாம் முறை இந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. டிரைவர் நிறுவல் பாதியில் தடைபட்டது. மறுபடி இயக்கியபோது லேப்டாப் திரையில் ஐகான்கள் பூதாகரமாகத் தெரிந்தன. எழுத்துகளின் ஓரங்கள் குழைந்திருந்தன. முதல் முறை பெரிதானபோது எழுத்து கூர்மையாகவே இருந்தது என்பதால் இந்த மங்கல்தான் எனக்குத் துப்பாயிற்று. `Settings`, `System`, `Display` என்று போய்ப் பார்த்தால் ரெசல்யூஷன் 1024x768 என்று காட்டியது. டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸ் அட்டையின் பெயருக்குப் பதிலாக `Microsoft Basic Display Adapter` என்று இருந்தது. சரியான டிரைவர் இல்லாதபோது படம் காட்டுவதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் பொது டிரைவர் அது. இந்த நிலையில் `Scale` பட்டியலைத் திறந்து எதை மாற்றினாலும் பயனில்லை. டிரைவரைத் திரும்ப நிறுவியதும் ரெசல்யூஷனும் ஸ்கேலிங்கும் தாமாகவே பழைய நிலைக்கு வந்தன. டெஸ்க்டாப்பில் வரிசையாக வைத்திருந்த ஐகான்கள் மட்டும் சிறிய திரைக்காக இடம் மாறி, ஒரு மூலையில் குவிந்தபடியே இருந்தன. முந்தைய டிரைவருக்குத் திரும்பலாம் என்று எண்ணிய எனக்கு `Roll Back Driver` பொத்தான் மங்கி, அழுத்த முடியாத நிலையில் இருந்தது. திரும்பிச் செல்லப் பழைய டிரைவரின் கோப்புகள் இருக்க வேண்டும். முழு நீக்கத்தோடு நிறுவும் தெரிவின் விலை அதுதான் என்று அன்று உணர்ந்தேன். இப்போது அந்தத் தெரிவை நான் தொடுவதில்லை.

ரெசல்யூஷன் சரியாக இருந்து அளவு மட்டும் மாறியிருந்தால், இப்போதெல்லாம் எனக்கு இரண்டு நிமிட வேலைதான். `Display` பக்கத்தின் மேலே உள்ள எண்ணிட்ட பெட்டிகளில் எந்தத் திரை மாறியதோ அதை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும்; இதை மறந்து அடுத்த திரையின் அளவை மாற்றிவிட்டுத் திகைத்தது எனக்கே நேர்ந்திருக்கிறது. பிறகு `Scale` பட்டியலில் பழைய சதவீதத்தைத் தேர்ந்தெடுத்து, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழைகிறேன். வெளியேறாமல் விட்டால் டாஸ்க்பார் சரியாகிவிடும். ஆனால் பழைய பாணியில் எழுதப்பட்ட சில மென்பொருள்கள் உள்நுழைந்த நேரத்து அளவையே பிடித்துக்கொண்டு மங்கலாகத் தெரியும். டிரைவரின் சொந்தக் கட்டுப்பாட்டுப் பலகத்தில் உள்ள ஸ்கேலிங் என்ற பிரிவுக்கு இதில் வேலையில்லை. சிறிய படத்தைத் திரை முழுதும் விரிப்பதா, நடுவில் வைப்பதா என்பதைத் தீர்மானிக்கும் வேறொரு விஷயம் அது; பெயர் ஒன்றாக இருப்பதால் அங்கே ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன்.

அளவு இனி மாறவே கூடாது என்று `Custom scaling` பகுதியில் 180 என்று கையால் எழுதியும் பார்த்தேன். அங்கே எழுதும் எண் எல்லாத் திரைகளுக்கும் ஒன்றாகப் பொருந்தும் என்பதால், மானிட்டருக்கு ஏறக்குறைய சரியாக இருந்த அளவு லேப்டாப் திரையில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஒரே திரை வைத்திருப்பவருக்கு இது ஒத்துவரலாம். நான் நான்காம் நாளே நீக்கிவிட்டேன்.

புதுப்பிப்பதற்கு முன் அந்த ரெஜிஸ்ட்ரிப் பகுதியை ஒரு கோப்பாக எடுத்து வைக்கும் பழக்கம் மட்டும் நிலைத்திருக்கிறது.

```
reg export "HKCU\Control Panel\Desktop\PerMonitorSettings" "%USERPROFILE%\scale.reg" /y
```

சாவியின் பெயர் மாறிவிட்டால் இந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றினாலும் மானிட்டர் அதைக் கண்டுகொள்ளாது. ஆகவே திரும்ப ஏற்றுவதற்காக நான் இதை எடுப்பதில்லை. அளவு மாறியதும் கோப்பை நோட்பேடில் திறந்து, இப்போதுள்ள சாவிகளோடு ஒப்பிட்டு, பெயர் மாறியதா அல்லது மதிப்பு அழிந்ததா என்று பார்க்கிறேன். கடந்த 8 மாதங்களில் மூன்று புதுப்பிப்புகள் வந்தன. மூன்றிலும் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன, டாஸ்க்பாரும் தன் உயரத்திலேயே நின்றது.