லாங் ரன்னுக்குப் பாட்டு: முழு வேகமா, பாதி வேகமா?

லாங் ரன்னுக்குப் பாட்டு தேர்ந்தெடுப்பதில் இரண்டு கட்சி உண்டு. தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி விழ வேண்டும் என்கிறது ஒன்று. நிமிடத்துக்கு 164 அடி வைப்பவர் 164 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 164 தட்டு விழும் பாட்டு கேட்க வேண்டும். அதில் சரிபாதி, 82 போதும் என்கிறது மற்றொன்று. வலது கால் தரையைத் தொடும்போது மட்டும் தட்டு விழும், இடது கால் இரண்டு தட்டுக்கு நடுவில் விழும். நிதானமான நீண்ட ஓட்டத்துக்கு நான் இரண்டாவது கட்சிதான்.

காரணம் கணக்கில் இருக்கிறது. பாட்டு நம் கேடன்ஸை, அதாவது நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையைத்தான் பிடித்து வைக்கும், ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரமான பேஸை அல்ல. அடிகளின் எண்ணிக்கையை அடியின் நீளத்தால் பெருக்கினால்தான் வேகம். கிலோமீட்டருக்கு 6:30 பேஸில் 164 கேடன்ஸோடு ஓடுபவரின் ஓர் அடி சுமார் 94 சென்டிமீட்டர். அவர் 172 பிபிஎம் பாட்டைப் போட்டுக்கொண்டு, அடி நீளத்தைக் குறைக்காமல் தாளத்தைப் பிடித்தால் பேஸ் 6:12 ஆகிவிடும். எட்டே தட்டு கூடியதற்குக் கிலோமீட்டருக்கு 18 விநாடி! முதல் ஐந்தாறு கிலோமீட்டரில் இது சுகமாகத்தான் இருக்கும், அதுதான் சிக்கலே. முழு வேகப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஆட்டம் போடவைக்கும் ரகம் என்பதால், எண் சரியாகப் பொருந்தினாலும் உடம்பு அடியை நீட்டப் பார்க்கும்.

180 கேடன்ஸ்தான் சரி என்று நினைத்து 180 பிபிஎம் பிளேலிஸ்ட் தேடுபவர்களும் உண்டு. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் எண்ணிப் பார்த்ததில் பிரபலமான எண் அது. எண்ணியது உச்ச வீரர்களை, அதுவும் போட்டி வேகத்தில். நிதானமாக ஓடும் நாளில் அதை நம் காலில் கட்டிக்கொள்ளத் தேவையில்லை.

பாதி வேகப் பாட்டில் பிடி கொஞ்சம் தளர்வு, அதை ஒப்புக்கொள்கிறேன். தட்டு விழும் இடைவெளி இரட்டிப்பாவதால் கால் சற்று முன்னே பின்னே போனாலும் உடனே தெரியாது. ஆனால் லாங் ரன்னுக்கு அந்தத் தளர்வு நல்லது. சின்ன மேடு வந்தால் அடியைக் குறுக்கி ஏறி, மறுபடி தாளத்தில் சேர்ந்துகொள்ளலாம். 80 முதல் 85 பிபிஎம் வரை பாட்டுகளும் ஏராளமாகக் கிடைக்கும். முழு வேகப் பாட்டை நான் வைத்திருப்பது வேகப் பயிற்சி நாளுக்கு.

சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோமும், நம் வேகத்துக்கேற்பப் பாட்டை மாற்றும் ஆப்களும் மூன்றாவது வழி. மெட்ரோனோம் துல்லியமானது, ஆனால் இரண்டரை மணி நேரம் கேட்க முடியாது. நம்மைப் பின்தொடரும் ஆப், நாம் தளர்ந்தால் தானும் தளரும், அதனால் எதையும் பிடித்து நிறுத்தாது.

சரி, 24 கிலோமீட்டர், 6:30 பேஸ் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 மணி 36 நிமிடம். முந்தைய நிதான ஓட்டத்தில், உடம்பு சூடான பிறகு, பாட்டில்லாமல் வலது கால் படுவதை 30 விநாடி எண்ணுங்கள். 41 வந்தால் நான்கால் பெருக்க 164. பாட்டுகள் 81 முதல் 83 பிபிஎம் வரை இருக்கட்டும். ஆப் காட்டும் பிபிஎம்மை அப்படியே நம்ப வேண்டாம். 82 பிபிஎம் பாட்டை 164 என்றும் 164 பிபிஎம் பாட்டை 82 என்றும் காட்டுவது சகஜம். தொடையில் தட்டி நீங்களே எண்ணிப் பாருங்கள். தாளம் நடுவில் ஏறி இறங்கும் பாட்டு என்றால் எவ்வளவு பிடித்தாலும் வேறு நாளுக்கு வைத்துவிடுங்கள். அப்புறம், ஒரு பாட்டு அடுத்ததில் கரையும் கிராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள், அந்தச் சில விநாடிகளில் இரண்டு தாளம் மோதிக் கால் தடுமாறும்.

ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். மூச்சு இடையில் அறுந்தால் தாளம் சரியாக இருந்தும் அடி நீண்டுவிட்டது என்று அர்த்தம். அதே தாளத்தில் அடியைக் குறுக்குங்கள். 18 கிலோமீட்டர் தாண்டியதும் பிரச்சினை திசை மாறும். பேஸ் மாறாவிட்டாலும் இதயத் துடிப்பு ஏறும், வெயிலில் இன்னும் அதிகம். கால் தட்டுக்குப் பின்னால் விழ ஆரம்பிக்கும். அதைத் துரத்திப் பிடிக்காதீர்கள். 80 பிபிஎம் பாட்டுகளைத் தனி பிளேலிஸ்டாக முன்பே வைத்திருந்து அதற்கு மாறுங்கள். அதே அடி நீளத்தில் பேஸ் 6:40 ஆகும், கடைசி 6 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம்தான் கூடுதலாகும்.