கொலோனோஸ்கோபிக்கு முந்தைய நாள்: உணவா திரவமா, ஒரே வேளையா இரு வேளையா

பெருங்குடலின் உட்புறத்தைக் கருவியால் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு நாள் குறித்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, முந்தைய நாள் முழுக்கப் பட்டினி கிடக்க வேண்டுமா என்பதுதான். அடுத்த கேள்வி, அந்தப் பேதி மருந்துக் கரைசலை எப்படிக் குடித்து முடிப்பது என்பது. இவை இரண்டுக்கும் நடுவே பலர் கேட்காமல் விடும் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: கரைசலை எந்த நேரத்தில் குடிப்பது? குடல் எவ்வளவு சுத்தமாகிறது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த மூன்றாவது கேள்விதான்.

முதலில் உணவைப் பார்ப்போம். பழைய முறையில் முந்தைய நாள் முழுவதும் தெளிந்த திரவங்களை மட்டுமே அருந்த வேண்டும். அதாவது நீர், சக்கையின்றி வடித்த பழச்சாறு, வடிகட்டிய சூப், பால் சேர்க்காத தேநீர் போன்றவை. நார்ச்சத்து குறைந்த உணவு முறையில் காலையிலும் மதியத்திலும் திட உணவு உண்டு. அதன்பின் தெளிந்த திரவங்கள் மட்டும். இரண்டையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில் குடலின் தூய்மையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் திட உணவு உண்டவர்களுக்குப் பசியும் சோர்வும் குறைவாக இருந்தன, மறுமுறையும் இந்தப் பரிசோதனைக்கு வர அவர்கள் கூடுதலாக இசைந்தார்கள். ஐரோப்பிய இரைப்பைக் குடல் எண்டோஸ்கோபி சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் முந்தைய நாளுக்கு நார்ச்சத்து குறைந்த உணவையே பரிந்துரைக்கிறது. ஆகவே வேறு சிக்கல் இல்லாதவர் முழுநாள் பட்டினி கிடப்பதால் கூடுதல் பயன் ஏதும் இல்லை என்பதே என் கணிப்பு.

இந்தச் சலுகைக்கும் ஓர் எல்லை உண்டு. அன்றைய மொத்த நார்ச்சத்து 10 கிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். ஒரு கோப்பை வெள்ளை அரிசிச் சோற்றில் நார்ச்சத்து ஒரு கிராமுக்கும் குறைவு. அதே கோப்பை அளவு வேகவைத்த பருப்பிலோ ஏறத்தாழ 15 கிராம் இருக்கும். வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, தோல் சீவி வேகவைத்த உருளைக்கிழங்கு ஆகியவை ஏற்றவை. பருப்பு, கீரை, முழுத்தானியம், கொட்டைகள் ஆகாதவை. தக்காளி, கொய்யா போன்றவற்றின் விதைகள் தனிச் சிக்கல்: அவை செரிக்காமல் குடலில் தங்கி, கருவியின் உறிஞ்சு குழாயை அடைத்துவிடுகின்றன. கழுவி உறிஞ்சிவிடலாம் என்ற மருத்துவரின் வழியே அத்துடன் மூடிவிடும். சிவப்பு, ஊதா நிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், அவற்றின் சாயம் உள்ளே இரத்தம்போலத் தோன்றக்கூடும் என்பதே.

நாட்பட்ட மலச்சிக்கல், நெடுநாள் சர்க்கரை நோய், ஓபியம் வகை வலிநிவாரணி, முன்பு ஒருமுறை குடல் சரியாகச் சுத்தமாகாமல் போனது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கண்ட ஒப்பீடு அப்படியே பொருந்தாது. இவர்கள் உணவுக் கட்டுப்பாட்டை இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்க நேரலாம். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்சுலின், சர்க்கரை மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றை என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இனி நேரம். கரைசல் முழுவதையும் முந்தைய மாலையே குடித்து முடித்துவிட்டால் விடியற்காலையில் எழ வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் இரவு முழுவதும் சிறுகுடலிலிருந்து பித்தநீர் கலந்த செரிமானக் குழம்பு இறங்கி, பெருங்குடலின் தொடக்கப் பகுதியான வலப்பக்கச் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்கிறது. தட்டையான, எளிதில் கண்ணுக்குத் தப்பும் கட்டிகள் இருக்கும் இடமும் அதுவே. பாதியை மாலையிலும் மீதியைப் பரிசோதனையன்று காலையிலும் குடிப்பவர்களுக்கு இந்தப் படலம் கழுவப்பட்டுவிடுகிறது. ஒரே மூச்சில் முழு அளவையும் குடிக்க வேண்டியிராததால் குமட்டலும் குறைகிறது. தூக்கம் கெடுவதைத் தவிர இரு வேளை முறையில் பெரிய குறை இல்லை.

பரிசோதனை காலை 10 மணிக்கு, கரைசல் மொத்தம் 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய மாலை 6 மணிக்குத் தொடங்கி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை 250 மில்லிலிட்டர் என்று எட்டு முறை குடித்தால், 8 மணிக்குள் 2 லிட்டர் முடிந்துவிடும். இரண்டாம் பாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்கி, குறைந்தது 2 மணி நேரம் முன்பு முடிக்க வேண்டும். அதன்படி அதிகாலை 5 மணிக்குத் தொடங்கினால் 7 மணிக்கு முடியும். 8 மணி வரை ஒரு மணி நேரம் கையில் மிஞ்சும். குமட்டினால் இடையில் நிறுத்தி இளைப்பாற அந்த நேரம் உதவும். 8 மணிக்குப் பின் நீரும் அருந்தக் கூடாது, ஏனெனில் மயக்க மருந்தின்போது வயிற்றில் திரவம் இருந்தால் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. மருத்துவமனை கொடுத்த தாளில் வேறு நேரம் எழுதியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

எந்த மருந்து என்பதை நோயாளி தாமே தேர்ந்தெடுப்பதைவிட மருத்துவரிடம் விடுவது சரி. பாலிஎத்திலீன் கிளைகால் கலந்த 4 லிட்டர் கரைசல் அளவில் பெரியது. ஆனால் அது உடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் வெளியேறுவதால் சிறுநீரகக் கோளாறோ இதயத் தளர்ச்சியோ உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. சோடியம் பிக்கோசல்பேட்டும் மெக்னீசியம் சிட்ரேட்டும் சேர்ந்த பொடியைச் சிறிது நீரில் கரைத்தாலே போதும். ஆனால் கூடவே தாராளமாகத் திரவம் அருந்தாவிட்டால் நீரிழப்பும், உப்புச்சத்தில்லாத வெறும் நீரையே அருந்தினால் இரத்தத்தில் சோடியம் குறைவதும் நேரலாம். சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்களுக்கு அது ஆகாது.

குடிக்கும் முறையில், குளிரவைத்த கரைசலில் உப்புச்சுவை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் லிட்டர் கணக்கில் குளிர்ந்ததைக் குடித்தால் உடல் நடுங்கும். ஆகவே நன்கு குளிரவைத்து, இடைவேளைகளில் பால் சேர்க்காத வெதுவெதுப்பான தேநீர் அருந்துவது நடைமுறைக்கு ஒத்து வரும். உறிஞ்சுகுழலை நாக்கின் பின்பகுதிக்குத் தள்ளிக் குடித்தால் சுவையும் மணமும் குறைவாகவே உறைக்கும். கரைசலுக்குள்ளேயே சர்க்கரையையோ இனிப்புப் பானத்தையோ கலப்பதைவிட, ஒவ்வொரு குவளைக்குப் பின்னும் எலுமிச்சை பிழிந்த நீரை ஒரு வாய் அருந்துவது மேல். கரைசலின் உப்புச் சமநிலை அதனால் குலையாது. வயிறு உப்பினால் அரைமணி நேரம் நிறுத்தி, மெல்ல நடந்துவிட்டுத் தொடரலாம். ஆசனவாயைச் சுற்றி முதலிலேயே வாசலின் பூசிக்கொண்டால் எரிச்சல் குறையும்.

கடைசியில் வெளியேறுவது சிறுநீரைப்போல மஞ்சளாக, ஊடே பார்க்கும்படி தெளிவாக இருந்தால் குடல் தயார். மிச்சமிருக்கும் ஓரிரு மஞ்சள் துணுக்குகள் கவலைக்குரியவை அல்ல. பழுப்பாகவோ கலங்கலாகவோ வந்தாலும், குடித்ததில் பெரும்பகுதி வாந்தியாகிவிட்டாலும், புறப்படுவதற்கு முன்பே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்; கூடுதல் மருந்து தருவதா, நேரத்தைத் தள்ளிப்போடுவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். கடும் வயிற்றுவலியோ இரத்த வாந்தியோ மயக்கமோ வந்தால் கரைசலை உடனே நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.