சிரிப்பு முகமா, அரும்பு மொட்டா, படிக்கட்டா, தேடல் அட்டையா?

ஒன்றாம் வகுப்புக் குழந்தை தான் வரைந்த படத்தைத் தானே பார்த்து மதிப்பிட வேண்டும் என்றால் எழுத்தில் அளவுகோல் கொடுக்க முடியாது. படமாகத்தான் கொடுக்க வேண்டும். பயிற்சிகளில் ரூப்ரிக்ஸ் என்கிறார்களே, அதன் பட வடிவம். நான் வேலை பார்ப்பது பாகூர்ப் பக்கம். புதுச்சேரிப் பள்ளிகளில் நடப்பதும் தெரியும், கடலூர் மாவட்டத் தோழிகள் செய்வதும் காதுக்கு வரும். இரண்டு பக்கமும் புழங்கும் நான்கு வகைகளை ஒரே வேலையில் வைத்துப் பார்க்கலாம். வேலை இதுதான்: ஒற்றைச் செம்பருத்தியைப் பார்த்து வரைவது.

பூவைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அடுக்குச் செம்பருத்தி வேண்டாம். அதில் இதழ்களை எண்ண முடியாது, நடுத்தண்டும் மறைந்துவிடும். ஒற்றைச் செம்பருத்தியில் ஐந்து இதழ், பூவின் நடுவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, பல் பல்லான விளிம்புள்ள இலை என்று குழந்தை கண்ணால் தேடிப் பிடிக்க மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. காலையில் பறித்த பூ மாலைக்குள் சுருண்டுவிடும், ஆகவே முதல் பாடவேளையிலேயே வரைய வைப்பது நல்லது.

முதல் வகை சிரிப்பு முகம். சிரிப்பு, நடுநிலை, அழுகை என மூன்று முகங்கள். குழந்தை ஒன்றுக்கு வண்ணம் தீட்டும். செலவு இல்லை, விளக்கவும் வேண்டாம். பிரச்சினை, அது கேட்கும் கேள்வியில் இருக்கிறது. ஐந்து, ஆறு வயதில் 'கஷ்டப்பட்டு வரைந்தேன்' என்பதும் 'நன்றாக வரைந்தேன்' என்பதும் குழந்தைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பெரும்பாலும் சிரிப்பு முகம்தான் வரும். அழுகை முகத்தைத் தொடும் ஒன்றிரண்டு குழந்தைகள் அநேகமாக அன்று காலையே முகம் வாடி வந்தவர்களாக இருப்பார்கள். வண்ணம் தீட்டும் முன் குழந்தையின் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். படத்துக்குப் போகாமல் டீச்சர் முகத்துக்குப் போனால், அங்கே மதிப்பீடு நடக்கவில்லை. 'இன்றைக்கு வரைந்தது பிடித்ததா?' என்று கேட்க இந்த முகங்கள் போதும். அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

கடலூர்ப் பக்கம் பழகிய வகை அரும்பு, மொட்டு, மலர். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இந்தப் பெயர்கள் குழந்தைகளுக்கு நன்றாகவே அறிமுகம். ஆனால் அங்கே அது ஆசிரியர் குழந்தையை வைக்கும் நிலையின் பெயர். அதையே ஓவியத்துக்குக் கொண்டுவந்தால் குழந்தை படத்தைப் பார்க்காது. 'நான் மொட்டு மிஸ்' என்று தன்னைத்தான் சொல்லும். செம்பருத்தி வரையும் வகுப்பில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: அட்டையில் மலர் படம் இருப்பதால், அதைப் பார்த்து வரைந்துவிட்டு மலர் வாங்கிவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. இதை ஓவியத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது படிக்கட்டு. ஒரே பூவை நான்கு விதமாக, எளியதிலிருந்து நுணுக்கமானது வரை, ஆசிரியரே வரைந்து வரிசையாக ஒட்டுவார். குழந்தை தன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய் எந்தப் படிக்கு அருகில் வரும் என்று பார்க்கும். முதல் இரண்டைவிட இது பல மடங்கு மேல். கண் படத்தின் மேல் விழுகிறது. கல்வி மதிப்பீட்டு ஆய்வாளர் ராய்ஸ் சாட்லர் 1989-ல் எழுதியபடி, தன் வேலையைத் தானே மேம்படுத்த இலக்கு தெரிய வேண்டும், அதோடு ஒப்பிடத் தெரிய வேண்டும், இடைவெளியைக் குறைக்க ஏதாவது செய்யவும் வேண்டும். படிக்கட்டு முதல் இரண்டையும் தருகிறது. மூன்றாவதில் சிக்குகிறது. ஒரு குழந்தையின் படத்தில் இதழ்கள் இரண்டாம் படி மாதிரி வட்டவட்டமாக இருக்கும், தண்டோ நான்காம் படி மாதிரி நுனிப் புள்ளிகளோடு அருமையாக இருக்கும். எங்கே போய் நிற்பது, அடுத்து எதைத் திருத்துவது? அப்புறம், நான்கு படங்களில் ஒன்று மட்டும் பெரிதாகவோ சிவப்பாகவோ இருந்தால் கூட்டம் அங்கேதான் சேரும்.

நான்காவது தேடல் அட்டை. என் ஓட்டு இதற்குத்தான், குறைந்தபட்சம் ஒன்றாம் வகுப்புக்கு. உள்ளங்கை அளவு அட்டைகள் மூன்று. ஒவ்வொன்றிலும் பூ முழுவதும் புள்ளிக்கோட்டில் மங்கலாக இருக்கும். தேட வேண்டிய ஒரு பகுதி மட்டும் அழுத்தமான கோட்டில். ஒன்றில் இதழ்கள், ஒன்றில் தண்டு, ஒன்றில் இலை விளிம்பு. மூன்றுக்கு மேல் போனால் இந்த வயதில் கடைசி அட்டை வெறும் சடங்காகிவிடும்.

முதலில் பூவைக் கையில் கொடுத்து இதழை எண்ண விட வேண்டும், தண்டைத் தொட விட வேண்டும். அடுத்து நானே கரும்பலகையில் தண்டு இல்லாத பூ ஒன்றை வரைந்து, வகுப்பையே அட்டையோடு சரிபார்க்கச் சொல்வேன். யாருடைய படமும் இல்லாததால் யாருக்கும் கூச்சம் இல்லை. பிறகு அட்டைகளை எடுத்துவிட்டுத்தான் வரைய விடுவேன். இது முக்கியம். அட்டை எதிரே இருந்தால் பூவைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்து வரைவார்கள். வகுப்பில் எல்லார் படத்திலும் இலை ஒரே பக்கம் முளைத்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

வரைந்து முடித்ததும் அட்டைகள் திரும்பி வரும். ஒரு விரல் அட்டையில், இன்னொரு விரல் தன் படத்தில். இருந்தால் அட்டை மேல் ஒரு புளியங்கொட்டை. இல்லையென்றால் அட்டை காலியாகவே இருக்கும். தப்புக் குறியெல்லாம் கிடையாது.

ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம். ஒரு சிறுமி நடுவில் வட்டம், சுற்றி எட்டு இதழ், இரண்டு வழவழப்பான இலை வரைந்திருக்கிறாள். எல்லாக் குழந்தைகளும் மனப்பாடமாக வரையும் அந்தப் பூ. மூன்று அட்டையிலும் கொட்டை வைத்துவிட்டாள். "தண்டு எங்கே கண்ணு, காட்டு" என்றால் விரல் வட்டத்தைச் சுற்றுகிறது. விரல் ஓர் இடத்தில் நிற்கவில்லை என்றாலே பார்க்காமல் வைத்தது என்று தெரிந்துகொள்ளலாம். பூவைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தேன். "இது வெளிய நீட்டுது மிஸ், எனக்கு உள்ளேயே இருக்கு" என்று அவளே கொட்டையை எடுத்தாள். இங்கே அழிரப்பரைத் தரக் கூடாது. இன்னொரு தாள் தந்து, காலியான அட்டை ஒன்றை மட்டும் நினைவில் வைத்து மறுபடி வரையச் சொல்ல வேண்டும். இரண்டாவது படத்தில் தண்டு வந்துவிட்டது. இதழ் இன்னும் ஏழு. இருக்கட்டும், அது அடுத்த பூவுக்கு.

அட்டையில் எதைப் போடக் கூடாது என்பதும் உண்டு. 'அழகு' கூடாது, அதற்கு விரல் வைக்க இடம் இல்லை. இதழ் மேல் இதழ் ஏறி நிற்பது, அருகில் இருப்பது பெரிதாகத் தெரிவது போன்றவை இந்த வயதுக்கு எட்டாது. ஓவியக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்டு குழந்தை ஓவியத்தைப் பிரித்த வளர்ச்சிப் படிகளில் தரைக்கோடு வரைந்து அதன்மேல் பொருள்களை நிறுத்துவதே ஏழு வயது வாக்கில்தான் பழக்கமாகிறது. வராததைக் கேட்டால் குழந்தை பொய்யாகக் கொட்டை வைக்கக் கற்றுக்கொள்ளும். கற்பனையாக வரையும் படத்துக்கு, உதாரணமாக 'எங்கள் வீட்டுக் கோயில் திருவிழா'வுக்கு, எந்த அட்டையும் வேண்டாம். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க எதிரே பொருளே இல்லை.

இரண்டாம் வகுப்புக்கு வந்ததும் படிக்கட்டை மீண்டும் எடுக்கலாம், சில திருத்தங்களோடு. நான்கு படமும் ஒரே அளவில், ஒரே பென்சிலில், வண்ணம் இல்லாமல். பூ முழுவதற்கும் ஒரே படிக்கட்டாக வைக்காமல் தண்டுக்கு ஒன்று, இலைக்கு ஒன்று. குழந்தை தன் படத்தைத் துணி கிளிப்பால் மாட்டும்போது இரண்டு படிக்கு நடுவிலும் மாட்டலாம்.