தக்காளியைப் பார்த்த மேரி: திறனா, புதிய பார்வையா?

கறுப்பு வெள்ளை அறையில் அடைபட்டுக் கிடக்கும் மேரி, நிறம் பற்றிய அறிவியல் முழுவதையும் கற்றுவிட்டாள். தக்காளியில் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைநீளம், அது விழித்திரையின் கூம்புசெல்களைத் தூண்டும் விதம், 'சிவப்பு' என்று வாய் சொல்லும்வரை மூளையில் நடப்பவை என எல்லாமே அவளுக்குத் தெரியும். ஒருநாள் கதவு திறக்கிறது. முதன்முறையாகப் பழுத்த தக்காளியைப் பார்க்கிறாள். புதிதாக எதையேனும் அறிந்தாளா?

1982இல் இந்தக் கற்பனைக் கதையைச் சொல்லி இந்தக் கேள்வியை எழுப்பிய தத்துவவாதி ஃபிராங்க் ஜாக்சன், அறிந்தாள் என்றார். அப்படியானால் பௌதிக உண்மைகளின் முழுப் பட்டியலிலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. அனுபவத்தின் அந்தத் தன்மையைத்தான் குவாலியா என்கிறார்கள். டேனியல் டென்னட் போன்றோர் மேரிக்கு வியப்பே வராது என்கிறார்கள். எல்லாம் தெரிந்தவள் என்றால் எவ்வளவு தெரிந்தவள் என்பதை நாம் சரியாகக் கற்பனை செய்யவில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அது கேள்வியைக் கடந்துபோவதாகவே படுகிறது. அவள் எதையோ பெறுகிறாள் என்று ஏற்றுக்கொண்டே, இருப்பதெல்லாம் பௌதிகமே என்னும் பொருள்முதல்வாதத்தைக் காக்க முயலும் இரண்டு பதில்களுக்கு இடையில்தான் உண்மையான போட்டி.

முதலாவது லாரன்ஸ் நெமிரோவும் டேவிட் லூயிஸும் சொன்னது. மேரி பெற்றது உண்மை அல்ல, திறன். நீச்சல் பற்றி எவ்வளவு படித்தாலும் தண்ணீரில் இறங்கினால்தான் நீந்த வரும். அதுபோல, சிவப்பை நினைவில் வைக்கவும் கற்பனை செய்யவும் அடையாளம் காணவும் இப்போது அவளால் முடிகிறது. அழகான பதில், ஆனால் ஓரிடத்தில் உடைகிறது. கடையில் ஒரு துணியின் நுட்பமான சிவப்புச் சாயலைப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தபின், அதையொத்த பத்துச் சாயல்களுக்கு நடுவே அதை என்னால் பொறுக்கி எடுக்க முடியாது. மனத்தில் துல்லியமாக வரவழைக்கவும் முடியாது. திறன் எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கணத்தில் அது எப்படித் தோன்றுகிறது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆகவே அந்த அறிவும் இந்தத் திறன்களும் ஒன்றல்ல.

இரண்டாவது பதில் இந்த இடத்தில் தப்பித்துவிடுகிறது. விடிவெள்ளியை அறிந்த ஒருவர், மாலையில் மேற்கே தெரியும் வெள்ளியும் அதே கோள்தான் என்று பின்னால் அறிகிறார். வானில் புதிய கோள் ஒன்றும் முளைக்கவில்லை. மேரியும் தான் ஏற்கெனவே படித்த மூளை நிகழ்வையே இப்போது உள்ளிருந்து, வேறொரு கருத்தின் வழியே அறிகிறாள் என்பது பிரையன் லோர் முதலியோரின் வாதம். கணநேரச் சாயலையும் 'இது' என்று மனம் சுட்டிவிட முடியும். மறுநாள் நினைவில் இல்லாவிட்டாலும் வாதத்துக்குச் சேதமில்லை.

என் சாய்வு இந்தப் பக்கமே. ஆனால் அதற்கும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. வெள்ளியின் இரண்டு தோற்றங்களுக்கும் கோளின் சுற்றுப்பாதையே விளக்கம் தருகிறது. அதைப் படித்தவருக்குப் புதிர் தீர்ந்துவிடுகிறது. மூளையைப் பற்றி முழுவதும் படித்த மேரிக்கு மட்டும், அந்த உள்ளிருந்து பார்க்கும் கருத்து ஏன் அறைக்குள்ளேயே கிடைக்கவில்லை? அந்தக் கருத்தை உருவாக்க அனுபவமே தேவை என்கிறார்கள். ஏன் தேவை என்பதையும் பௌதிக மொழியிலேயே சொல்லிமுடிக்கும் பொறுப்பு அவர்களுடையது. ஜாக்சனே பிற்காலத்தில் தம் பழைய முடிவைக் கைவிட்டுப் பொருள்முதல்வாதத்தின் பக்கம் வந்துவிட்டார். இந்தக் கடன் அதனால் தீரவில்லை.