படத்தில் எரியும் விளக்கு: எட்டு ஆண்டு டேஷ்போர்டு அனுபவம்

காங்கேயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பெட்ரோல் காரை எட்டு ஆண்டுகளாக நானே ஓட்டிப் பராமரித்து வருகிறேன். அதனால் சொந்தபந்தத்தில் யாருடைய வண்டியில் எந்த விளக்கு எரிந்தாலும், டேஷ்போர்டைப் படம் பிடித்து முதலில் எனக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கூடவே வருகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: 'இப்படியே ஓட்டிட்டு வந்தரலாமுங்களா?' அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல, விளக்கின் நிறத்தோடு படத்தில் இருக்கும் மற்றவற்றையும் எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இத்தனை ஆண்டுகளில் கற்றுக்கொண்டேன்.

நிறங்களின் பொதுவான பொருள் எல்லா நிறுவன வண்டிகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐஎஸ்ஓ 2575 என்ற சர்வதேசத் தரநிலை இந்தக் குறிகளையும் நிறங்களையும் வரையறுத்திருக்கிறது. சிவப்பு ஆபத்தையும், மஞ்சள் எச்சரிக்கையையும் குறிக்கும். பச்சை எரிந்தால் ஏதோ ஒன்று இயங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஹை பீம் விளக்குக்கு நீலம். வெப்பமானி காட்டாத சில சிறிய கார்களில், காலையில் வண்டியை எடுத்தவுடன் நீல நிறத்தில் ஒரு வெப்பமானிக் குறி எரிந்து சற்று நேரத்தில் அணைந்துவிடும். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

படம் வந்தவுடன் நான் விளக்கைப் பார்ப்பதற்கு முன் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைத்தான் பார்ப்பேன். முள் பூஜ்யத்தில் இருந்தால் இன்ஜின் ஓடவில்லை. சாவியை மட்டும் ஆன் செய்த நிலையில் ஆயில், பேட்டரி, இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் என்று பல விளக்குகள் ஒன்றாக எரிவது வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் முறை. அந்தப் படத்தை வைத்து எந்தக் கோளாறையும் சொல்ல முடியாது. முள் 800 வாக்கில் நின்று, அப்போதும் ஒரு விளக்கு எரிந்தால்தான் அது செய்தி.

இதன் அருமை தெரிந்தது என் அக்கா மகன் அனுப்பிய படத்தில்தான். தாராபுரத்திலிருந்து காங்கேயம் வருகிற வழியில், ஊதியூரை ஒட்டி, பொழுது சாயும் நேரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அனுப்பியிருந்தான். சிவப்பில் பேட்டரிக் குறி ஒன்றுதான் எரிந்தது. உடனே போனும் வந்தது.

'மாமா, பேட்டரி போயிருச்சாட்டம் இருக்குதுங்க. வண்டி நல்லாத்தான் ஓடுது. வீட்டுக்கு வந்து வேற பேட்டரி மாத்திக்கலாமுங்களா?'

பலரும் நினைப்பதுபோல அந்தக் குறி பேட்டரி பழுதானதைக் காட்டுவதில்லை. இன்ஜின் ஓடும்போது அது எரிந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். பழைய மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை, அல்லது அதைச் சுற்றும் பெல்ட் இல்லை. ஆல்டர்னேட்டர் மட்டும் பழுதாகியிருந்தால், ஏசியையும் மற்ற மின்சாரச் செலவையும் நிறுத்திவிட்டுப் பேட்டரியில் இருக்கிற மிச்சத்தில் சிறிது தூரம் வந்துவிடலாம். பெல்ட் அறுந்திருந்தால் கதையே வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆர்பிஎம் முள் 800க்குப் பக்கத்தில் நின்றது. வழக்கமாகப் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கும் வெப்பமானி முள், பாதியைத் தாண்டிச் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்திருந்தது.

'ஸ்டீயரிங் எப்படிடா இருக்குது?' என்று கேட்டேன்.

'அதையேதான் சொல்ல வந்தனுங்க மாமா. திடீர்னு கல்லாட்டம் ஆயிருச்சு.'

அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, இன்ஜினை உடனே அணைக்கச் சொல்லிவிட்டேன். அவனுடைய வண்டியில் ஆல்டர்னேட்டர், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைச் சுழற்றும் வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப் ஆகிய மூன்றும் ஒரே பெல்ட்டில் சுற்றுபவை. மூன்றும் ஒன்றாக நின்றிருப்பதைத்தான் விளக்கும் வெப்பமானியும் ஸ்டீயரிங்கும் தனித்தனியே சொல்லின. அங்கிருந்து காங்கேயம் சுமார் 15 கிலோமீட்டர். கூலன்ட் சுழலாமல் அந்தத் தூரத்தை ஓட்டியிருந்தால், அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்து அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். பெல்ட்டின் விலையையும் ஹெட் இறக்கும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. சில வண்டிகளில் வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டில் சுற்றும், அவற்றில் இந்த பெல்ட் அறுந்தாலும் சூடு ஏறாது. ஆனால் தன் வண்டி எந்த வகை என்று தெரியாதவர், பேட்டரி விளக்கோடு வெப்பமும் ஏறுகிறதா என்று பார்க்காமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த ஐந்து நிமிடத்தில் அவனிடமிருந்து பதற்றத்தோடு இன்னொரு படம் வந்தது. அதில் ஏழெட்டு விளக்குகள் எரிந்தன. ஆர்பிஎம் முள் பூஜ்யத்தில் இருந்ததைக் காட்டி, சாவியை ஆன் செய்ததால் எரிகிறது, பயப்பட வேண்டாம் என்றேன். பானெட்டைத் திறந்து எடுத்த மூன்றாவது படத்தில், புல்லியைச் சுற்றி பெல்ட்டின் நூல்கள் மட்டும் சிக்கிக் கிடந்தன. காங்கேயத்திலிருந்து மெக்கானிக் புது பெல்ட்டோடு போய்ப் பார்த்தபோது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் புல்லியின் பேரிங் இறுகிப் போய், அதில் உராய்ந்துதான் பெல்ட் தேய்ந்து அறுந்திருந்தது தெரிந்தது. பெல்ட்டை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் சீக்கிரமே அறுந்திருக்கும், இரண்டையும் மாற்றினார்கள். இன்ஜின் நன்றாக ஆறும் வரை கூலன்ட் மூடியில் யாரும் கை வைக்கவில்லை.

படத்தை நம்பும்போது ஏமாறக்கூடிய இடம் நிறம். இருட்டில் போன் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்வதால், சிவப்பு விளக்கின் நடுப்பகுதி ஆரஞ்சாகவோ வெளுத்தோ படத்தில் விழும். ஒருமுறை விடியற்காலையில் குன்னூர் போகக் கிளம்பி மேட்டுப்பாளையத்தை நெருங்கியபோது, எங்கள் வண்டியிலேயே ஒரு விளக்கு திருப்பங்களில் மட்டும் மினுக்கி அணைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அதைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, மஞ்சளாக இருக்கிறது, ஏபிஎஸ் விளக்காகத்தான் இருக்கும் என்றார். நிறுத்திப் பார்த்தோம். வட்டத்துக்குள் ஏபிஎஸ் என்ற எழுத்து இல்லை, ஆச்சரியக்குறி இருந்தது. கண்ணுக்கு அது நல்ல சிவப்பு. ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருந்தது. அப்படியானால் பிரேக் ஆயில் குறைந்திருக்க வேண்டும் என்று பானெட்டைத் திறந்தால், டப்பாவில் கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கம் சாய்வதால்தான் விளக்கு மினுக்கியிருக்கிறது.

பிரேக் ஆயில் தானாகக் குறைவதில்லை. எங்காவது ஒழுகியிருக்க வேண்டும், அல்லது பிரேக் பேடு தேய்ந்திருக்க வேண்டும். பேடு தேயத் தேய அதைத் தள்ளும் காலிபர் பிஸ்டன் வெளியே நகர்ந்து, அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். சக்கரங்களின் உட்புறம் ஈரமில்லை, பெடலை மிதித்தால் கெட்டியாக நின்றது. அதனால் மலை ஏறும் எண்ணத்தை விட்டுவிட்டு, மெதுவாக ஊருக்குள் இருந்த பட்டறைக்குப் போனோம். பெடல் உள்ளே இறங்கியிருந்தாலோ ஈரம் தெரிந்திருந்தாலோ அங்கேயே நிறுத்தி வண்டியை ஏற்றிப் போயிருப்போம். முன்சக்கரப் பேடுகளில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம் இருந்தது. காரணம் பார்க்காமல் ஆயிலை மட்டும் ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு மலையேறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மிகவும் தவறு. இன்னொன்று, சிவப்புப் பிரேக் விளக்கும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் இன்ஜின் ஓடும்போது சேர்ந்து எரிந்தால், முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிடும் ஏற்பாடும் போயிருக்கலாம் என்பதால் ஓட்டவே கூடாது. மஞ்சள் ஏபிஎஸ் மட்டும் எரிந்தால் சாதாரணப் பிரேக் பிடிக்கும். மழை ரோட்டில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் வசதிதான் இருக்காது.

எல்லாச் சிவப்பிலும் அவசரம் மிகுந்தது ஆயில் சொம்பும் ஒரு சொட்டும் போட்ட விளக்கு. அது ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கிய பிறகுதான் சுவிட்ச் அதை எரியவிடும். நாம் டயருக்கு 32 பிஎஸ்ஐ காற்றுப் பிடிக்கிறோம். இந்த அழுத்தமோ நான்கு முதல் ஏழு பிஎஸ்ஐ வரைதான். அதாவது விளக்கு எரியும்போதே பேரிங்குகளுக்குப் போதிய ஆயில் போகாமல் இருக்கலாம். ஓரங்கட்டி உடனே அணைப்பது தவிர வேறு வழியில்லை. சமதரையில் பத்து நிமிடம் விட்டு ஸ்டிக்கை உருவிப் பார்க்கலாம். ஆனால் அளவு சரியாக இருந்தாலும் மறுபடி ஓட்டிப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் ஆயில் பம்ப் பழுதானாலும் இதே விளக்குதான் எரியும். சுவிட்ச் மட்டும் கெட்டுப்போய் எரிவதும் உண்டு. அதை அழுத்தமானி வைத்துப் பார்த்த மெக்கானிக்தான் சொல்ல வேண்டும், ரோட்டில் நின்று நாம் முடிவு செய்ய முடியாது.

ஏர்பேக் விளக்கும் பல வண்டிகளில் சிவப்புதான். அதற்காக நடுரோட்டில் நிற்கத் தேவையில்லை. மோதினால் பை விரியாமல் போகலாம் என்பதால் ஓரிரு நாளில் காட்டிவிட வேண்டும்.

மஞ்சளில் பேச வேண்டியது இன்ஜின் குறி. நிலையாக எரிந்தால் வேகத்தைக் குறைத்து ஓட்டி, அந்த வாரத்துக்குள் பார்த்தால் போதும். சிமிட்டினால் சிவப்புக்குச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பெட்ரோல் வண்டியில் ஏதோ ஒரு சிலிண்டர் தீப்பிடிக்காமல், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைக் கெடுக்கிறது. எனக்கு ஆறாம் ஆண்டில் இது வந்தது. ஸ்கேனரில் கோளாறு எண் P0302 என்று காட்டியது, அதாவது இரண்டாம் சிலிண்டர். மெக்கானிக் இரண்டாம் சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலை மூன்றாவதில் மாற்றிப் போட்டு ஓட்டியதும் எண் P0303 ஆனது. காயில்தான் கெட்டது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

சிமிட்டுவதை ஒரு படம் காட்டாது என்பதால், இப்போது எல்லோரிடமும் மூன்று விஷயம் கேட்கிறேன்: இன்ஜின் ஓடும்போது முள்களெல்லாம் தெரியும்படி முழு மீட்டரின் படம், பத்து விநாடி வீடியோ, கண்ணுக்கு அந்த விளக்கு என்ன நிறமாகத் தெரிகிறது என்ற பதில். எல்இடி விளக்குகள் வீடியோவில் சிமிட்டாமலே சிமிட்டுவதுபோல் தெரியும் என்பதால், சிமிட்டுகிறதா என்பதையும் கண்ணால் பார்த்துத்தான் சொல்லச் சொல்கிறேன். நிறுத்த வேண்டிய சிவப்பாக இருந்தால், படம் எடுத்தவுடன் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், ஆயில் விளக்கென்றால் படத்துக்குக்கூடக் காத்திராமல் அணைக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறை சாவியை ஆன் செய்து, எந்த விளக்கு எரியவில்லை என்றும் பார்க்கிறேன். சென்ற ஆண்டு அப்படிப் பார்த்தபோது, எரிய வேண்டிய ஆயில் விளக்கு எரியவில்லை. சுவிட்சுக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. ஒட்டுப் போடாமல் அந்த ஒயரையே மாற்றிக்கொண்டேன்.